பத்தடி தள்ளிப் போனால் வழுக்கை

"கிட்ட இருந்து பார்த்தா நல்லாத்தான் சார் இருக்கு. பத்தடி தள்ளிப் போனா வழுக்கை விழுந்துடுது."

கேம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி சொன்ன புகார் இது. அவள் திரையில் ஒரு கிராமத்துப் பெண் பாத்திரம் நின்றுகொண்டிருந்தது. இடுப்பு வரை பின்னல், நெற்றியோரம் சுருண்ட குட்டை முடி, காதருகே கலைந்த நாலைந்து இழைகள். முகத்துக்கு அருகில் கேமரா இருந்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கேமராவைப் பின்னால் இழுத்தாள். முதலில் நெற்றியோர முடி காணாமல் போனது. அடுத்து பின்னலில் சிலும்பி நின்ற முடிகள் போயின. பிறகு வகிடு அகலமாகி, உச்சந்தலையில் தோல் தெரிந்தது. மறுபடி கிட்டே போனால் அத்தனை முடியும் திரும்ப வந்துவிட்டது.

முடியை யாரும் அழிக்கவில்லை. நான்கு எண்களைக் கூட்டி நான்கால் வகுத்ததில் விழுந்த வழுக்கை அது. எப்படி என்று சொல்வதற்கு முன், கணினியில் முடியை எதைக் கொண்டு செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன். இத்தனையையும் தனித்தனியாக வரைவது நெடுங்காலம் சினிமாக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது. 2001-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தின் நாயகி ஆக்கிக்கு 60,000 முடிகள் வைத்தார்கள். சினிமாவில் ஒரு ஃபிரேமை வரைய மணிக்கணக்கில் காத்திருக்கலாம். கேமில் ஒரு நொடிக்கு அறுபது ஃபிரேம் வேண்டும். ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. அதிலும் முடிக்கென்று ஒதுக்குவது ஒன்றோ இரண்டோதான். மீதியில் வீடு, மரம், எதிரி எல்லாம் வரைந்தாக வேண்டும்.

அதனால் கேம்காரர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். ரிப்பன் போன்ற மெல்லிய பட்டை ஒன்றை வளைத்துத் தலையில் ஒட்டுவது. அந்தப் பட்டையின் மேல் முப்பது நாற்பது முடிகள் வரைந்த படம் இருக்கும். முடிகளுக்கு நடுவே உள்ள இடம் ஊடுருவித் தெரியும்படி விடப்படும். இந்தப் பட்டைக்குத்தான் தொழிலில் 'ஹேர் கார்டு' என்று பெயர். சில நூறு கார்டுகளைக் கூரைக்கு ஓலை வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு தலை நிறைந்துவிடும். கூரை வேய்கிறவர் கீழிருந்து மேலே போவார். நாங்களும் பிடரியில் தொடங்கி உச்சிக்குத்தான் போகிறோம், மேல் அடுக்கு கீழ் அடுக்கின் வேரை மறைக்க வேண்டும் என்பதற்காக.

கார்டில் எந்த இடம் முடி, எந்த இடம் வெறுமை என்பதைச் சொல்வது ஆல்ஃபா என்னும் எண். 1 என்றால் முழு முடி, 0 என்றால் ஒன்றுமில்லை. முடியின் ஓரங்களில் 0.3, 0.7 என்று இடைப்பட்ட மதிப்புகள் இருக்கும். அந்த இடைப்பட்ட மதிப்புகளை என்ன செய்வது என்பதில்தான் தொல்லை ஆரம்பம்.

எளிய வழி ஆல்ஃபா டெஸ்ட். ஒரு கோட்டைக் கிழித்து, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் தூக்கி எறிவது. பெரும்பாலும் அந்தக் கோடு 0.5. ஷேடரில் ஒரே வரி:

```
clip(alpha - 0.5);
```

0.49 வாங்கினால் ஃபெயில், 0.5 வாங்கினால் பாஸ். கருணை மதிப்பெண் கிடையாது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பாஸான ஒவ்வொரு பிக்சலும் கல் சுவர் போல முழுதாக நிற்கும், அது கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஆழப் பட்டியலில் குறித்துக்கொள்ளலாம், பிறகு வரும் எந்தப் பொருளும் அதை மீறி முன்னால் தெரியாது. எதை முதலில் வரைந்தோம் என்ற கவலையே இல்லை. அதனால்தான் இத்தனை வருடங்களாக இந்த முரட்டு முறையை விட முடியவில்லை.

இனி வழுக்கைக்கு வருவோம். தூரத்தில் இருக்கும் பொருளுக்குப் பெரிய படத்தை அப்படியே பயன்படுத்தினால் பிக்சல்கள் மினுக்கென்று துடிக்கும். அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் பாதி அளவு, கால் அளவு, எட்டில் ஒரு பங்கு என்று சிறிய பிரதிகளைச் செய்து வைத்துக்கொள்வார்கள். மிப்மேப் என்பது இதுதான். பெரிய படத்தின் நான்கு புள்ளிகளை, அதாவது இரண்டுக்கு இரண்டு சதுரத்தை, சராசரியாக்கிச் சிறிய படத்தின் ஒரு புள்ளியாக வைப்பார்கள். தூரம் இரட்டிப்பானால் அடுத்த பிரதிக்குப் போக வேண்டும்.

அவளுடைய கார்டில் நெற்றியோர முடி ஒரே ஒரு புள்ளி அகலம். அதன் ஆல்ஃபா 1. இரு பக்கமும் வெறுமை, 0. ஒரு மீட்டர் தூரத்தில் முழுப் படம் பயன்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடி பளிச்சென்று தெரிகிறது. இரண்டு மீட்டரில் பாதிப் படம். நான்கு புள்ளிகளில் இரண்டு முடி, இரண்டு வெறுமை, சராசரி 0.5. மயிரிழையில் பாஸ். நான்கு மீட்டரில் கால் படம். அங்கே சராசரி 0.25. ஃபெயில். இரண்டுக்கும் நடுவில் மூன்று மீட்டரில் நின்றால், இரண்டு பிரதிகளையும் கலந்து எடுப்பதால் மதிப்பு 0.5-க்கும் 0.25-க்கும் இடையில் எங்கோ விழும். அதுவும் ஃபெயில்தான். மூன்று மீட்டர் என்பது பத்தடி. அவள் கண்ணால் அளந்து சொன்னது கணக்கோடு அப்படியே பொருந்தியது.

இதன் மறுபக்கமும் உண்டு. உச்சந்தலைக் கார்டில் முடி நெருக்கமாக இருந்து, பரப்பில் 70 சதவீதம் நிறைந்திருக்கிறது என்றால், சுருங்கச் சுருங்க எல்லாப் புள்ளிகளும் 0.7-ஐ நோக்கிப் போகும். அத்தனையும் பாஸ். இடைவெளிகள் அடைபட்டு, தூரத்தில் அந்தக் கார்டு கறுப்பு அட்டையாகிவிடும். 30 சதவீதம் நிறைந்த கார்டு மறையும், 70 சதவீதம் நிறைந்த கார்டு தகரமாகும். ஒரே தலையில் இரண்டு நோயும் ஒன்றாக வரலாம்: ஓரத்தில் வழுக்கை, நடுவில் ஹெல்மெட்.

இதற்கு மருந்து எளிது. இக்னாசியோ காஸ்டானோ என்ற நிரலாளர் 'தி விட்னஸ்' கேமில் மர இலைகள் தூரத்தில் மெலிந்துபோனதைப் பார்த்து 2010-இல் விளக்கி எழுதிய முறை அது. முழுப் படத்தில் எத்தனை சதவீதப் புள்ளிகள் பாஸாகின்றன என்று முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறிய பிரதியிலும் அதே சதவீதம் பாஸாகும்வரை ஆல்ஃபாவை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் என்ன என்பதைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்கும். நம் கால் படத்தில் 0.25 என்று நிற்கும் முடிகளில் தேவையானவை இதனால் 0.5-ஐத் தாண்டிவிடும். படத்தைச் சேமிக்கும்போது ஒருமுறை செய்கிற வேலை. கேம் ஓடும்போது ஒரு பைசா செலவில்லை. பல எஞ்சின்களில் இது ஒரு டிக் பெட்டியாகவே இருக்கிறது. பெரும்பாலும் டிக் போடப்படாமல்.

ஆனாலும் முடியின் ஓரம் படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் இருக்கும். பாஸ் அல்லது ஃபெயில் என்று இருக்கும்வரை மென்மை வராது. அதற்கு இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, பிக்சலுக்குள் நான்கு மாதிரிப் புள்ளிகள் வைத்து, ஆல்ஃபாவுக்கு ஏற்ப அவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் நிரப்புவது. ஆக மொத்தம் ஐந்தே படிகள்: 0, 25, 50, 75, 100 சதவீதம். மற்றொன்று, 0.5 என்ற நிலையான கோட்டையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு தற்செயல் எண்ணைக் கோடாக வைப்பது. 0.25 ஆல்ஃபா உள்ள இடத்தில் நான்கில் ஒரு பிக்சல் பாஸாகும். கண் அதை முக்கால்வாசி ஊடுருவலாகப் படித்துக்கொள்ளும். 2017-இல் கிறிஸ் வைமனும் மார்கன் மெக்குவையரும் இந்தத் தற்செயல் எண்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் துள்ளாமல் பொருளோடு ஒட்டியே நகரும்படி செய்யும் முறையை வெளியிட்டார்கள். இன்னும் பலர் துள்ளவே விட்டு, முந்தைய ஃபிரேம்களோடு சேர்த்துச் சராசரியாக்குகிறார்கள். உங்கள் கேமில் பாத்திரம் அசையாமல் நிற்கும்போது முடி பட்டுப்போல் இருந்து, தலையைத் திருப்பியதும் மணல் தூவியதுபோல் பொரிந்தால், நடப்பது இதுதான்.

"அப்படியானால் இடைப்பட்ட மதிப்பை உள்ளபடியே கலந்துவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். அதுதான் ஆல்ஃபா பிளெண்டிங். முடி 30 சதவீதம், பின்னால் இருக்கும் சுவர் 70 சதவீதம் என்று நிறங்களைக் கலப்பது. ஆனால் கலப்பதற்குப் பின்னால் இருப்பது முதலில் வரையப்பட்டிருக்க வேண்டும். சாம்பார் ஊற்றிய பிறகு அடியில் சோறு வைக்க முடியாது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கார்டுகளில் எது முன்னால், எது பின்னால்? கேமரா ஒரு சுற்று சுற்றினால் வரிசை தலைகீழாகிவிடும். வரிசை தவறினால் பின்தலை முடி நெற்றிக்கு முன்னால் வந்து நிற்கும், அல்லது முடியில் ஓட்டை விழுந்து அதன் வழியே சுவர் தெரியும்.

ஏடிஐ நிறுவனத்தில் இருந்த தோர்ஸ்டன் ஷாயர்மன் 2004-இல் இதற்குச் சொன்ன வழி, இருபது வருடம் கழித்தும் எனக்குச் சலிக்கவில்லை. ரூபி என்ற சிவப்புத்தலை நாயகி வரும் தங்கள் டெமோவுக்காக அவர்கள் செய்தது அது. தலைமுடி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கானது என்பதைக் கவனித்தார். மாடல் செய்யும்போதே கார்டுகளை உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்குக்கு வரிசைப்படுத்தி வைத்துவிட்டார். பிறகு நான்கு சுற்றாக வரைந்தார். ஆல்ஃபா டெஸ்டில் பாஸான கெட்டியான பகுதிகளின் ஆழத்தை மட்டும் முதலில் குறித்துக்கொள்வது. அடுத்த சுற்றில் அந்தப் பகுதிகளுக்கு நிறம். மூன்றாவதில், கேமராவுக்கு முதுகைக் காட்டும் கார்டுகளின் மென்மையான ஓரங்கள். கடைசியில், முகம் காட்டும் கார்டுகளின் ஓரங்கள். தலையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நம் பக்கம் இருக்கும் வெளியடுக்குதான் கடைசியில் வரையப்படும். ஓடும்போது வரிசைப்படுத்தும் வேலையே இல்லை.

இந்த உபாயம் தோற்கும் இடம் நம் ஊர்ப் பின்னல். வெங்காயத்துக்கு உள், வெளி உண்டு. மூன்று கால் பின்னலுக்கு உள் எது, வெளி எது? ஒரே கால் ஓரிடத்தில் மேலே வந்து அடுத்த இடத்தில் கீழே போகிறது. தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டாலோ, பின்னல் முழுவதுமே தலைமுடிக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதனால் பின்னலின் உடலைக் கெட்டியான குழாயாகவே செய்து, சிலும்பும் ஓரத்துக்கு மட்டும் கார்டு ஒட்டச் சொன்னோம். கையிலெடுத்துப் பார்த்தால் பின்னலும் அப்படித்தானே, ஊடே ஒளி போகாத கயிறு.

இத்தனை தொல்லைக்கும் கார்டுதான் காரணம் என்றால், நிஜ முடியைப் போல ஒவ்வொரு இழையாக வரைந்துவிட்டால் என்ன? ஸ்ட்ராண்ட் முறை என்பது அதுதான். 2013-இல் 'டூம் ரெய்டர்' கேமின் பிசி பதிப்பில் ஏஎம்டி நிறுவனத்தின் ட்ரெஸ்எஃப்எக்ஸ் நுட்பத்தோடு லாரா கிராஃப்டின் குதிரைவால் தனித்தனி இழைகளாக ஆடியபோது, நாங்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தோம். கார்டுகளின் காலம் முடிந்தது என்றுகூடச் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இழை என்பது வளைவு. ஒரு வளைவுக்கு 16 புள்ளிகள் என்று வைத்தால், ஒரு லட்சம் இழைகளுக்கு 16 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள், எண்ணுக்கு 4 பைட். ஒரு தலையின் வடிவத்துக்கு மட்டும் 19 எம்பி. பயப்படும் அளவு ஒன்றுமில்லை. அசைவும் அப்படியே: சில நூறு வழிகாட்டி இழைகளை மட்டும் இயற்பியல் விதிப்படி ஆடவிட்டு, மற்றவற்றை அவற்றின் பின்னால் போகச் செய்வார்கள். உண்மையான சிக்கல் மெலிவில் இருக்கிறது.

தலையின் அகலம் சுமார் 150 மில்லிமீட்டர். திரையில் அது 300 பிக்சல் அகலத்துக்குத் தெரிகிறது என்றால் ஒரு பிக்சல் என்பது அரை மில்லிமீட்டர். முடியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர். அதாவது ஒரு பிக்சலில் ஏழில் ஒரு பங்குகூட முழுதாக நிறையாது. பிக்சலின் நடுப்புள்ளி முடிமேல் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை என்று வரைந்தால், ஏழு பிக்சலுக்கு ஒன்றில்தான் முடி தெரியும். இழை புள்ளி புள்ளியாக அறுந்து, தலை அசையும்போதெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் துடிக்கும்.

அதற்குப் பரிகாரம், இழையை ஒரு பிக்சல் அகலத்துக்குப் பருமனாக்கி, அதன் ஆல்ஃபாவை ஏழில் ஒன்றாகக் குறைப்பது. கவனித்தீர்களா, ஆல்ஃபா திரும்ப வந்துவிட்டது. கூடவே யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்வியும் வந்துவிட்டது; இம்முறை சில நூறு கார்டுகளுக்கு அல்ல, ஒரு லட்சம் இழைகளுக்கு. ட்ரெஸ்எஃப்எக்ஸ் ஒவ்வொரு பிக்சலுக்கும் தன்மேல் விழுந்த இழைத்துண்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, கடைசியில் அருகில் இருப்பவற்றை வரிசைப்படுத்திக் கலந்தது. முடி திரையை நிறைக்கும்படி கேமரா நெருங்கினால் பட்டியல் வீங்கும், கேம் தள்ளாடும். இதற்கும் மேல் ஒன்று உண்டு. கிராஃபிக்ஸ் சிப்புகள் முக்கோணத்தை நான்கு நான்கு பிக்சல்களாகவே கையாளும். ஒரு பிக்சல் அகல இழைக்கு அதில் பாதி உழைப்பு வீண். அதனால் இப்போதைய எஞ்சின்கள் சில, சிப்பின் வழக்கமான வரையும் பாதையை ஒதுக்கிவிட்டு, மெல்லிய இழைகளுக்கென்று தனி நிரலே எழுதிக்கொள்கின்றன.

கார்டோ இழையோ, இரண்டிலும் கடைசியில் கண் தேடுவது பளபளப்பை. ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து விளக்கடியில் பிடியுங்கள். தட்டில் கடைசல் பிடித்த வட்டக் கீறல்கள் இருக்கும். ஒளி ஒரு புள்ளியாக நிற்காமல், நடுவிலிருந்து இரு பக்கமும் விரியும் விசிறிபோல் தெரியும். தட்டைச் சுழற்றினால் விசிறி அசையாது. உங்கள் தலையை நகர்த்தினால் கூடவே நகரும். கீறல் வட்டமாக ஓடுகிறது, ஒளிக்கோடு அதற்குக் குறுக்கே ஓடுகிறது. பரப்பில் ஒரு திசை இருந்தால் பளபளப்பு அதற்குக் குறுக்கே நீளும். இதற்குத்தான் ஆனிசோட்ரோபி என்று பெயர். நாம் திசைப் பளபளப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். தலைமுடி உச்சியிலிருந்து கீழே ஓடுகிறது. எனவே ஒளி குறுக்கே, தலையைச் சுற்றி ஒரு வளையமாக விழுகிறது. படிய வாரிய தலையில் நெற்றிக்கு மேலே தெரியும் அந்த வெள்ளைப் பட்டை அதுதான்.

இதைக் கணக்காக்கியவர்கள் கால்டெக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் கஜியாவும் திமோத்தி கேயும். 1989-இல் ஒரு கரடி பொம்மையின் ரோமத்தை வரைவதற்காக எழுதினார்கள். சாதாரணப் பரப்பில் ஒளி எங்கே தெறிக்கும் என்பதைப் பரப்புக்குச் செங்குத்தான திசையைக் கொண்டு கணிப்போம். முடி ஓர் உருளை. அதற்குச் செங்குத்தான திசை ஒன்றல்ல, சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் எல்லாப் பக்கமும் உண்டு. ஆகவே செங்குத்தை விட்டுவிட்டு, முடி ஓடும் திசையையே பிடித்துக்கொண்டார்கள். அதை T என்போம். விளக்கின் திசைக்கும் கண்ணின் திசைக்கும் நடுத்திசை H. இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தின் சைன்தான் ஒளியின் அளவு:

```
float d = dot(T, H);
float s = sqrt(saturate(1.0 - d * d));
float spec = pow(s, 100.0);
```

கோணம் சரியாக 90 டிகிரி என்றால் மதிப்பு 1, முழு ஒளி. 85 டிகிரியில் 0.68. 80-இல் 0.22. 70-க்கு வந்தால் கிட்டத்தட்ட இருட்டு. பட்டை எவ்வளவு ஒடுக்கமானது என்று இதிலிருந்தே தெரியும். கடைசி வரியில் உள்ள 100-ஐக் கூட்டினால் இன்னும் ஒடுங்கும், குறைத்தால் பரவும்.

இந்த மூன்று வரியில் அதிகம் பேர் சறுக்குவது T-யில். எஞ்சின் நமக்குத் தரும் டேன்ஜென்ட் என்ற திசை, வழக்கமாகப் படத்தின் குறுக்குவாட்டத்தைக் குறிக்கும். ஆனால் கார்டுப் படத்தில் முடியை மேலிருந்து கீழாகத்தான் வரைகிறோம். டேன்ஜென்டை அப்படியே T என்று எடுத்துக்கொண்டால் திசை 90 டிகிரி தவறிவிடும். நமக்கு வேண்டியது அதன் ஜோடியான பைடேன்ஜென்ட். தவறைக் கண்டுபிடிக்க ஒரு விளக்கைத் தலையைச் சுற்றிச் சுழலவிட்டால் போதும். பளபளப்பு முடிக்குக் குறுக்கே வளையமாக வந்தால் சரி. முடியின் நெடுகக் கோடுகோடாக வழிந்தால் திசை மாறிவிட்டது. எல்லாக் கார்டிலும் சரியாக இருந்து, இரண்டு மூன்று கார்டுகள் மட்டும் திட்டுத் திட்டாக இருண்டால், அந்தக் கார்டுகளைப் படத்தின்மேல் படுக்கைவாட்டில் விரித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தத் தவறும் இருந்தது. தலையில் வளையம் சரியாக வந்தது. பின்னலில் மட்டும் மேலிருந்து கீழே ஒரு நீண்ட வெள்ளைக்கோடு, ஈரமான ரப்பர் குழாய்போல். பின்னலைக் குழாயாகச் செய்தபோது, ஒவ்வொரு காலிலும் முடி சாய்வாக ஓடுவதைப் படம் விரிப்பதில் கணக்கில் எடுக்கவில்லை. அதைச் சாய்த்து விரித்ததும் கோடு உடைந்து, ஒவ்வொரு முடிச்சின் மேட்டிலும் ஒரு சின்னப் பிறையாக ஒளி வந்து உட்கார்ந்தது. ஒரு காலின் பிறை வலப்பக்கம், அடுத்ததன் பிறை இடப்பக்கம்.

அப்போதும் ஏதோ குறைந்தது. "மருதாணி போட்ட மாதிரி இருக்கு சார்" என்றாள் அவளே. சரியாகத்தான் சொன்னாள். அதற்குக் காரணம் முடிக்குள்ளே இருக்கிறது.

ஒரு முடியை வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வரும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல் தோல், மீன் செதில்போல் நுனியை நோக்கி அடுக்கிய செதில்களால் ஆனது. அவை இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருக்கின்றன. 2003-இல் ஸ்டீவ் மார்ஷ்னரும் கூட்டாளிகளும் ஒரு தனி முடிமேல் ஒளியைப் பாய்ச்சி அளந்து, இதன் விளைவைக் காட்டினார்கள். மேற்பரப்பில் பட்டு அப்படியே தெறிக்கும் ஒளி, செதில் சாய்வினால் வேர்ப்பக்கம் தள்ளிப்போகிறது. அது முடிக்குள் நுழையாததால் விளக்கின் நிறத்திலேயே, வெள்ளையாக இருக்கும். இன்னொரு பங்கு ஒளி முடிக்குள் புகுந்து, பின்சுவரில் மோதித் திரும்பி வெளியே வருகிறது. அது நுனிப்பக்கம் தள்ளிப்போகிறது. முடியின் நிறமியை இருமுறை கடந்ததால் முடியின் நிறத்தில் இருக்கும். ஆக, பட்டை இரண்டு. ஷாயர்மனின் ரூபிக்கு இந்த இரண்டையும் கஜியா-கே சூத்திரத்தை இருமுறை போட்டு, T-யை ஒருமுறை வேர்ப்பக்கமும் ஒருமுறை நுனிப்பக்கமும் சற்றே சாய்த்துச் சமாளித்தார்கள். எவ்வளவு சாய்ப்பது என்பதை ஒரு இரைச்சல் படத்தைக் கொண்டு இடத்துக்கு இடம் மாற்றினார்கள், பட்டை கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல் பிசிறடிக்க வேண்டும் என்பதற்காக.

செம்பட்டை, பொன்னிற முடிகளில் அந்த இரண்டாவது பட்டைதான் அழகே. கறுப்பு முடியில் உள்ளே போன ஒளியை நிறமி விழுங்கிவிடுகிறது; திரும்பி வருவது சொற்பம். இணையத்தில் கிடைக்கும் ஷேடர்களில் பல, பழுப்பு முடிக்கென்று அமைத்த மதிப்புகளோடு வருகின்றன. அவள் அப்படி ஒன்றை எடுத்து அடிப்படை நிறத்தை மட்டும் கறுப்பாக்கியிருந்தாள். இரண்டாவது பட்டை பழுப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. அதை ஏறக்குறைய அணைத்தோம். முதல் பட்டையை வெள்ளையாக, ஒடுக்கமாக வைத்தோம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே திசையில் கிடக்கும் என்பதால், இரைச்சலையும் பாதியாகக் குறைத்தோம். வெளியூர்ப் பாடங்களில் இரைச்சலைக் கூட்டச் சொல்வார்கள். அது ஷாம்பு போட்டு விரித்துவிட்ட தலைக்குச் சரி.

கடைசியில் அந்தப் பெண்ணின் தலையில் ஓர் இழைகூட ஸ்ட்ராண்டாக இல்லை. மொத்தமும் கார்டும் குழாயும்தான். மிப்மேப்பில் பாஸ் சதவீதத்தைக் காப்பாற்றியது, திசையைத் திருத்தியது, பழுப்பை அணைத்தது, இந்த மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் ஆனது. அதற்கு முன்னால் எங்களில் சிலர் ஸ்ட்ராண்டுக்கு மாறிவிடலாம் என்று ஒரு வாரம் வாதாடியிருந்தோம், நான் உட்பட. மாறியிருந்தால் தவறான T-யும் பழுப்பு மதிப்பும் புது வீட்டுக்கும் கூடவே வந்திருக்கும்.

முகம் திரையை நிறைக்கும் காட்சி இருந்தால் ஸ்ட்ராண்டுக்கு இணை கிடையாது. காற்றில் நாலு இழை தனியே பறப்பதைக் கார்டால் செய்யவே முடியாது. அன்ரியல் எஞ்சினில் முடிக்கான க்ரூம் என்ற அமைப்பே, அருகில் இழை, சற்றுத் தள்ளி கார்டு, இன்னும் தூரத்தில் வெறும் கூடு என்று மூன்றையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது நிறமோ ஒளிப்பட்டையோ எகிறாமல் இருக்கிறதா என்பதுதான் தயாரித்தவரின் கைத்திறன். அடுத்த முறை கேம் ஆடும்போது பாத்திரத்தை விளக்கடியில் நிறுத்தி, கேமராவை மெதுவாகப் பத்தடி பின்னால் இழுத்துப் பாருங்கள். நெற்றியோரத்தில் கண் வையுங்கள்.